சமத் துண்டுகளா, நாமே வெட்டும் துண்டுகளா?

[0, 2]-இல் f(1) = 5, மற்ற இடங்களில் 0. ரீமன் தொகையிடத்தக்கதா? மேல், கீழ் கூட்டுத்தொகைகளின் வித்தியாசம் U − L, கொடுத்த எந்த ε > 0-ஐயும் விடச் சிறிதாகும்படி ஒரு பிரிவினை கிடைத்தால் போதும்.

n சமத் துண்டுகளாக வெட்டினால் L = 0. n ஒற்றை என்றால் 1 ஒரே துண்டுக்குள் விழும், U = 10/n. இரட்டை என்றால் 1 எல்லைப்புள்ளி; இரு துண்டுகளிலும் உச்சம் 5, ஆக U = 20/n. இந்த இரட்டிப்பைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

நான் 0, 1−δ, 1+δ, 2 என்றே வெட்டுவேன். U = 10δ; δ-ஐ 1-க்கும் ε/10-க்கும் கீழே எடுத்தால் முடிந்தது. தொல்லை தரும் புள்ளி எங்கே என்று தெரியாதபோது சமத் துண்டுகள் உதவும்.

ஆனால் விகிதமுறு எண்களில் 1, மற்றவற்றில் 0 என்ற சார்புக்கு எப்படி வெட்டினாலும் U − L = 2. அங்கே எல்லாப் பிரிவினைகளுக்கும் சேர்த்தே நிறுவ வேண்டும்.