மொரீஷியஸ் வருவதற்கு ஃபாரெக்ஸ் கார்டா, ரொக்கமா, டெபிட் கார்டா?

தைப்பூசக் காவடி நெருங்கினாலே ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் மொரீஷியஸுக்குக் கிளம்பிவிடுவார்கள், கூடவே எல்லோரிடமிருந்தும் ஒரே கேள்வி வரும், பணத்தை எப்படிக் கொண்டுவருவது என்று. வந்துபோனவர்களின் ஸ்டேட்மென்ட்டையும் ஏ.டி.எம். ரசீதையும் வாங்கிப் பார்த்துக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு வரும் ஃபாரெக்ஸ் கார்டுதான் எப்போதும் மலிவு என்று பலர் நம்புகிறார்கள். இந்தத் தீவைப் பொறுத்தவரை அது சரியில்லை.

போன முறை சித்தப்பா கிளம்பும் முன் போனில் கேட்டேன். "கார்டுல என்ன கரன்சி போட்டிருக்கீங்க சித்தப்பா?" "டாலர்தான்பா, வேற என்ன இருக்கு?" விஷயமே அங்கேதான். இந்திய வங்கிகளின் ஃபாரெக்ஸ் கார்டில் டாலர், யூரோ, பவுண்டு, சிலவற்றில் தென்னாப்பிரிக்க ராண்டுகூட ஏற்றலாம், ஆனால் மொரீஷியஸ் ரூபாயை ஏற்றும் வசதி பொதுவாகக் கிடையாது. அதனால் டாலர் கார்டை இங்கே தேய்த்தால் பணம் இரண்டு முறை மாறுகிறது. டாலர் வாங்கும்போது வங்கி தன் விலையில் கொஞ்சம் வைத்துக்கொள்கிறது, இங்கே தேய்க்கும்போது கார்டில் இல்லாத கரன்சிக்கு மாற்றுவதற்கான கூடுதல் கட்டணம், கிராஸ் கரன்சி மார்க்கப் என்று இன்னொன்று.

10,000 மொரீஷியஸ் ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம், ஒரு ரூபாய்க்கு இந்தியப் பணம் 1.90 என்றால் அது 19,000. ஃபாரெக்ஸ் கார்டில் டாலர் ஏற்றும்போது ஒன்றரை சதவீதம் போனால் 285, கிராஸ் கரன்சி மூன்றரை சதவீதம் என்றால் 665, ஜி.எஸ்.டி. 45, ஆக ஏறக்குறைய 1,000 ரூபாய். சாதாரண டெபிட் கார்டைக் கடையில் தேய்த்தால் மூன்றரை சதவீத மார்க்கப்பும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 785. ரொக்கம் என்றால் ஊரில் நோட்டு வாங்கும்போது இரண்டு சதவீதம், இங்கே மாற்றும்போது ஒரு சதவீதம், ஜி.எஸ்.டி. அதே 45, மொத்தம் 615தான். வங்கிக்கு வங்கி சதவீதம் மாறும், ஆனால் நான் பார்த்த ரசீதுகளில் இந்த வரிசை பெரும்பாலும் மாறவில்லை.

ஏ.டி.எம். பக்கம் போனால் கணக்கு இன்னும் மோசம். டெபிட் கார்டுக்கு ஊர் வங்கி ஒவ்வொரு முறையும் 125 ரூபாயும் வரியும் எடுத்தது, இங்குள்ள மெஷின் தன் பங்குக்கு 200 மொரீஷியஸ் ரூபாய். சேர்த்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு 528. அத்தை கையில் நிறையப் பணம் இருக்கக்கூடாது என்று இரண்டாயிரம் இரண்டாயிரமாக ஐந்து தடவை எடுத்தார், 10,000 கைக்கு வருவதற்குள் மார்க்கப் இல்லாமலே 2,640 போய்விட்டது. எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒரே தடவையில் எடுங்கள்.

அப்புறம் அந்த மெஷின் திரையில் ஒரு கேள்வி வரும், இந்திய ரூபாயில் கழிக்கவா, மொரீஷியஸ் ரூபாயில் கழிக்கவா என்று. இந்திய ரூபாய்த் தொகை பெரிதாக, பார்க்கத் தெளிவாக இருக்கும், கை தானாக அங்கே போகும். அந்த விலையை வைப்பது ஏ.டி.எம். தரப்பு. ஒருமுறை 19,000 வரவேண்டிய இடத்தில் 20,100 காட்டியது. அதை மறுத்துவிட்டு மொரீஷியஸ் ரூபாயையே அழுத்துங்கள், பணம் அப்போதும் வரும். கடையில் கார்டு மெஷின் இதே கேள்வியைக் கேட்டாலும் அதே பதில்தான்.

ரொக்கம் மலிவு என்பதற்காக எல்லாவற்றையும் நோட்டாகக் கொண்டுவரச் சொல்லமாட்டேன், தொலைந்தால் தொலைந்ததுதான். இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் வெளிநாட்டு நோட்டாக எடுத்துவரவும் முடியும். பஸ்ஸுக்கும் சந்தைக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடைக்கும் போதுமான அளவு யூரோவோ டாலரோ நோட்டு, கசங்காததாக. மீதிக்கு மார்க்கப் இல்லாத டெபிட் கார்டு கிடைத்தால் அதுதான் என் தேர்வு, கடையில் தேய்க்க அதைவிட மலிவு எதுவுமில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து யு.பி.ஐ.யும் ரூபே கார்டும் இங்கே வந்துவிட்டன, ஆனால் கடைக்குக் கடை மாறும், அதை மட்டும் நம்பிக் கிளம்பவேண்டாம்.

இதே ஃபாரெக்ஸ் கார்டு பக்கத்துத் தீவான ரீயூனியனில் வேறு மாதிரி. அங்கே பணம் யூரோ. யூரோவை ஏற்றிக்கொண்டு போனால் அந்த 665 ரூபாய் கிராஸ் கரன்சி கிடையாது, சாதாரண டெபிட் கார்டைவிடப் பாதி செலவுகூட ஆகாது. இரண்டு தீவையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் ரீயூனியனில் செலவழிக்கும் அளவுக்கு மட்டும் யூரோ ஏற்றுங்கள், மிஞ்சியதைத் திரும்ப ரூபாயாக்கும்போது வங்கி வாங்கும் விலையில் இன்னொரு முறை நஷ்டம் வரும்.