வெளிநாட்டுக்குப் போன கணவர் கைவிட்டுவிட்டால் எந்த மனுவை முதலில் போடுவது?

கடலூர் முதுநகரில் எனக்குத் தெரிந்த பெண். கல்யாணமான 26-ஆம் நாள் கணவர் சிங்கப்பூர் திரும்பினார், விசா எடுத்துக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றவர் மூன்றே மாதத்தில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். புதுச்சேரியில் மாமியார் வீட்டில் "அவன் வந்தப்புறம் வா" என்று அனுப்பிவைத்துவிட்டார்கள், நகை அங்கேயே தங்கிவிட்டது.

சொந்தக்காரர்கள் எல்லாரும் மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போகச் சொன்னார்கள். நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அங்கே கொடுக்கும் புகார் முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 85-ஆம் பிரிவு; அதற்குக் கொடுமை நடந்திருக்க வேண்டும். பணமோ காரோ கேட்டு நச்சரித்த வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். விட்டுவிட்டுப் போனார் என்பதை மட்டும் வைத்து அந்த வழக்கு நிற்பது கடினம், அதோடு அதனால் மாதச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

ஜீவனாம்ச மனு (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144) பணத்துக்கு நேரான வழி. தான் வசிக்கும் ஊரிலேயே போடலாம், மனு போட்ட தேதியிலிருந்து தொகை கணக்காக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. சிக்கல் வசூலில்தான். கட்டாவிட்டால் சிறை என்பது, ஆள் ஊரில் கால் வைக்கும்வரை வெறும் காகிதம். அவர் பெயரில் இங்கே மனையோ வங்கிக் கணக்கோ இருந்தால் ஜப்தி கேட்கலாம். அப்பா பெயரில் இருக்கும் வீட்டைத் தொட முடியாது.

அதனால்தான் அந்தப் பெண்ணுக்கு 2005-ஆம் வருட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை முதலில் சொன்னேன். செலவுக்குப் பணம் தராமல் விடுவதும், நகையைத் தராமல் வைத்துக்கொள்வதும் இதில் பொருளாதார வன்முறை. கணவரோடு மாமனார், மாமியாரையும் எதிர்மனுதாரர் ஆக்கலாம், அவர்கள் இங்கேயே இருப்பதால் நோட்டீஸ் உடனே கைக்குப் போகிறது. வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை, சீதனம், மாதத் தொகை மூன்றையும் ஒரே மனுவில் கேட்கலாம், இடைக்கால உத்தரவும் உண்டு. அம்மா வீட்டில் தங்கியிருக்கும் கடலூரிலேயே போட்டோம். நகைக்கடை ரசீதையும் கல்யாண ஆல்பத்தில் நகை தெரியும் படங்களையும் சேர்த்தோம். இரண்டாம் வாய்தாவில் நகை வந்துவிட்டது, பணம் இன்னும் இழுபறிதான்.

அடுத்து பாஸ்போர்ட். போலீஸ் புகார் இருந்தால்தான் முடக்க முடியும் என்று நினைக்கிறார்கள். பாஸ்போர்ட் சட்டம் 10(3)(h) படி, எந்தச் சட்டத்தின் கீழும் நீதிமன்றம் சம்மனோ வாரண்டோ பிறப்பித்திருந்தால் அதைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம், முடக்குவதும் விடுவதும் அவர்கள் முடிவு. ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளைகள் நிறைய. அவர்களிடம் இது செல்லாது, இங்குள்ள வீட்டையும் சொத்தையும் பிடிப்பதுதான் வழி.

விவாகரத்துக்கு அவசரப்பட வேண்டாம்; இந்து திருமணச் சட்டத்தில் கைவிட்டதைக் காரணமாகக் காட்ட இரண்டு வருடம் ஆக வேண்டும். இதற்கிடையில் அவர் அங்கேயே வழக்குப் போட்டு நோட்டீஸ் அனுப்பினால் தூக்கி வைத்துவிடாதீர்கள், அன்றே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கொண்டுபோங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் தருகிறார்கள்.