ஆல்பத்தில் கண்ணுக்கு மை பூசிய ஸ்டுடியோ: பிள்ளை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

என் மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்குப் படமெடுத்த ஸ்டுடியோவில் 'ரெட் ஐ கரெக்‌ஷன்', அதாவது ஃபிளாஷில் சிவப்பாக விழுந்த கண்ணைச் சரிசெய்வது என்று படத்துக்கு 20 ரூபாய் தனியாக வாங்கினார்கள். 42 படத்துக்கு 840 ரூபாய். பணம் போனால் போகட்டும், செய்து வைத்த வேலையைத்தான் சொல்ல வேண்டும்.

கேக் வெட்டும்போது விளக்கை அணைத்திருந்தோம். இருட்டில் பிள்ளைகளின் கண்மணி நன்றாக விரிந்துவிடும். கேமராவுக்கு மேலேயே இருக்கும் ஃபிளாஷ் வெளிச்சம் நேராக உள்ளே போய், கண்ணின் பின்புறத்து ரத்தச் சிவப்பை வாங்கிக்கொண்டு லென்ஸுக்கே திரும்பும். ஃபிளாஷை மேல்கூரைப் பக்கம் திருப்பியிருந்தாலே பெரும்பாலும் வந்திருக்காது. சரி, வந்துவிட்டது. எடுப்பதும் பெரிய வித்தை இல்லை. கண்மணியை மட்டும் தேர்ந்தெடுத்து, சிவப்பை வடித்துவிட்டுக் கொஞ்சம் இருட்டாக்க வேண்டும். கண்ணில் மின்னும் வெளிச்சப் புள்ளியைத் தொடக்கூடாது.

எங்கள் ஆல்பத்தில் அந்தப் புள்ளி ஒரு பிள்ளைக்கும் இல்லை. பிரஷ்ஷால் கருப்பு வட்டம் அப்பியிருந்தார்கள். சில படங்களில் கருப்பு வழிந்து பழுப்பு விழியையும் மூடியிருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் சட்டைப் பொத்தானைத் தைத்தது போல இருந்தது. திட்டிக்கொண்டே அலமாரியில் வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, அதே விழாவில் சித்தி செல்போனில் எடுத்த படங்களைப் பார்த்தோம். என் தம்பி மகனுக்கு வலது கண் சிவப்பாகவும் இடது கண் வெள்ளையாகவும் இருந்தது. மூன்று படத்திலும் அதே கண்தான். ஸ்டுடியோவுக்கு போன் செய்தேன்.

"ஆமாக்கா, ஒரு கண்ணு மட்டும் வெள்ளையா இருந்துச்சு. சிவப்பு எடுக்குற டூல்ல அது போகல. நான்தான் கையால கருப்படிச்சு சரி பண்ணேன்."

"ஒரிஜினல் இருக்கா தம்பி?"

"கார்டை ஃபார்மட் பண்ணிட்டோம்க்கா."

கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்துப் பார்த்தார். கண்புரை. மூன்று வயதுப் பிள்ளைக்கா என்று தம்பி கேட்டான். பிறவியிலேயே வருவதுண்டாம். விட்டுவிட்டால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும், பிறகு புரையை எடுத்தாலும் பார்வை முழுதாகத் திரும்பாது என்றார். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோயும் படத்தில் இப்படித்தான் வெள்ளையாகத் தெரியுமாம். பிள்ளை ஓரமாகப் பார்க்கும் கோணத்தில் நல்ல கண்ணும் வெள்ளை அடிப்பதுண்டு, ஆனால் அதைப் படத்தை வைத்து நாம் முடிவு செய்யக்கூடாது, உடனே காட்டிவிட வேண்டும் என்று சொன்னார். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி சிவந்திருந்தால் அது பெரும்பாலும் வெறும் ஃபிளாஷ் வேலை. ஒரு கண்ணோ இரண்டு கண்ணுமோ வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் காட்டிவிட வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்து இப்போது நல்ல கண்ணை மூடிப் பயிற்சி நடக்கிறது. கட்டைப் பிய்த்துப் பிய்த்து எறிகிறான்.

ஸ்டுடியோக்காரர் 840 ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அடுத்த விழாவுக்கு வேறு ஆளிடம் முன்பணம் கொடுக்கும்போதே, கைவைக்காத படங்கள் எல்லாவற்றையும் பென்டிரைவில் தர வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டேன்.