வைஃபை கடவுச்சொல்லைப் பகிரவா என்று ஐபோன் எப்போது கேட்கும்?

வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை வாயால் சொல்லாமல், ஓர் எழுத்தைக்கூடத் தட்டாமல், ஒரு ஐபோனிலிருந்து இன்னொரு ஐபோனுக்குத் தரும் வசதி 2017இல் ஐஓஎஸ் 11உடன் வந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் இதைத்தான் பயன்படுத்துகிறோம். புதிதாக வருபவர் தம் போனில் Settings திறந்து, Wi-Fi பகுதியில் எங்கள் இணைப்பின் பெயரைத் தொடுகிறார். அவருக்குக் கடவுச்சொல் கேட்கும் பெட்டி திறக்கிறது. அதே நேரத்தில், ஏற்கெனவே அந்த இணைப்பில் இருக்கும் என் போனின் திரையில், இன்னாருக்குக் கடவுச்சொல்லைப் பகிர விரும்புகிறீர்களா என்று கேட்கும் அட்டை கீழிருந்து எழுகிறது. நான் Share Password என்பதைத் தொட்டதும் அவருடைய பெட்டி தானாக நிரம்பி, இணைப்பு கிடைத்துவிடுகிறது. எல்லாம் பொருந்தி வந்தால் இது சில நொடி வேலை.

பொருந்தி வராதபோது என்ன நடக்கிறது என்பதுதான் இந்த வசதியின் பெருங்குறை. பிழைச் செய்தி எதுவும் வராது. அட்டை வராமல் இருக்கும், அவ்வளவே. எந்த நிபந்தனை தவறியது என்று இரண்டு போன்களில் எதுவும் சொல்லாது. ஆகவே உள்ளே நடப்பதைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே தவறைக் கண்டுபிடிப்பது எளிதாகிறது.

கடவுச்சொல் கேட்கும் பெட்டி திறந்த அந்தக் கணத்தில்தான், கேட்கும் போன் புளூடூத் வழியாக "இந்த இணைப்பின் கடவுச்சொல் எனக்கு வேண்டும்" என்ற குறிப்பைச் சுற்றுப்புறத்துக்கு அனுப்பத் தொடங்குகிறது. அருகில் விழித்திருக்கும் ஆப்பிள் கருவிகளுள் அந்தக் கடவுச்சொல்லை வைத்திருக்கும் கருவி அதற்குப் பதிலளிக்கிறது. ஆனால் உடனே உரிமையாளரிடம் கேட்டுவிடுவதில்லை. கேட்பவர் தன் தொடர்புப் பட்டியலில் இருப்பவர்தானா என்பதை முதலில் சரிபார்க்கிறது. கேட்கும் போனும், தான் இன்னாருடைய ஆப்பிள் கணக்கைச் சேர்ந்தது என்பதை ஏர்டிராப்பில் உள்ளது போன்ற ஒரு முறையால் மெய்ப்பிக்க வேண்டும். அது முடிந்த பிறகே அட்டை எழுகிறது. பேருந்திலோ பக்கத்துக் குடியிருப்பிலோ இருக்கும் முன்பின் தெரியாதவர் நம் திரையில் இந்தக் கேள்வியை எழுப்பிவிட முடியாதிருப்பது இதனால்தான். இந்தக் கண்டிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது.

இந்த வரிசையை மனத்தில் கொண்டால் நிபந்தனைகள் தாமாகவே விளங்கும். இரண்டு போன்களிலும் வைஃபையும் புளூடூத்தும் இயங்க வேண்டும். இரண்டிலும் ஆப்பிள் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும். தருபவரின் போன் பூட்டுத் திறந்த நிலையில், அதே இணைப்பில் இருக்க வேண்டும். எவர் போனிலாவது பெர்சனல் ஹாட்ஸ்பாட் இயங்கினால் அதை நிறுத்திவிட வேண்டும். வீட்டுக்கு வருமுன் வழியில் மடிக்கணினிக்கு இணையம் கொடுத்துவிட்டு அதை அணைக்க மறந்தவர்களிடம் இந்தக் கடைசி நிபந்தனை அடிக்கடி தவறுகிறது. தூரத்தைப் பொறுத்தவரை, இரண்டு போன்களையும் ஒரே மேசையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் என் அனுபவத்தில் மிகுதியாகத் தவறுவது தொடர்புப் பட்டியல் நிபந்தனைதான். "அவர் எண் என்னிடம் இருக்கிறதே" என்று நினைத்து இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எண் இருப்பது மட்டும் போதாது. அவர் ஆப்பிள் கணக்குக்குப் பயன்படுத்தும் மின்னஞ்சல் முகவரி என் தொடர்புப் பட்டியலில் அவர் பெயரின் கீழ் இருக்க வேண்டும். என்னுடையது அவருடைய பட்டியலில் இருக்க வேண்டும்.

அண்மையில் அண்ணி புதிய ஐபோனுடன் வந்திருந்தபோது நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இருவர் போனிலும் புளூடூத் இயங்கியது, ஹாட்ஸ்பாட் அணைந்திருந்தது, என் போன் திறந்தே இருந்தது. ஆயினும் அட்டை வரவில்லை. என் பட்டியலில் அவருக்கு இருந்தது ஒரு பழைய எண் மட்டுமே. அவருடைய போனில் Settings திறந்து, மேலே உள்ள அவர் பெயரைத் தொட்டு, Sign-In & Security பகுதிக்குப் போய்ப் பார்த்தோம். அவருடைய கணக்கு, அவர் அலுவல்களுக்கென்று வைத்திருந்த ஒரு மின்னஞ்சலில் இருந்தது. அந்த முகவரி எங்களில் யாருக்கும் தெரியாது. அதை என் பட்டியலில் அவர் பெயருடன் சேர்த்தேன். என் கணக்கின் முகவரியை அவர் தம் பட்டியலில் சேர்த்தார். பிறகு அவர் திறந்திருந்த பெட்டியை ரத்து செய்துவிட்டு, இணைப்பின் பெயரை மறுபடி தொட்டதும் அட்டை வந்தது. பெட்டியை மூடித் திறப்பதை நான் எப்போதும் செய்யச் சொல்வேன். பெட்டி திறக்கும்போதுதானே அந்தப் புளூடூத் குறிப்பு புறப்படுகிறது.

இன்னொரு சிறு கவனம். பல ரூட்டர்களில் ஒரே வீட்டுக்கு இரண்டு பெயர்கள் தெரியும். ஒன்றின் முடிவில் 5G என்றிருக்கும். தருபவர் எந்தப் பெயரில் இணைந்திருக்கிறாரோ அதே பெயரைக் கேட்பவரும் தொட வேண்டும்.

எவ்வளவு முயன்றாலும் இவ்வசதி உதவாத இடங்களும் உண்டு. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சேர்த்துக் கேட்கும் அலுவலக, கல்லூரி இணைப்புகளிலும், இணைந்த பிறகு உலாவியில் உள்நுழைவுப் பக்கம் திறக்கும் விடுதி இணைப்புகளிலும் இதை எதிர்பார்க்கக் கூடாது. நிறுவனம் கொடுத்த போன் என்றால், அதன் நிர்வாகிகள் இப்பகிர்வையே தடை செய்திருக்கலாம். அப்போது எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை.

அத்தகைய போன்களுக்கும், ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கும் ஐஓஎஸ் 18இல் வந்த Passwords செயலி உதவுகிறது. அதில் Wi-Fi பகுதியில் உரிய இணைப்பைத் தொட்டால் Show Network QR Code என்ற வாய்ப்பு இருக்கும். அங்கே தோன்றும் கியூஆர் குறியீட்டை மற்றவர் தம் கேமராவில் காட்டி இணைந்துகொள்ளலாம். இதற்குத் தொடர்புப் பட்டியல் நிபந்தனை கிடையாது. ஒரே முறை வந்து போகும் விருந்தினருக்கு மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்துக்கொண்டிருப்பதைவிட இதுவே மேல் என்று நினைக்கிறேன். அடிக்கடி வந்து போகும் உறவினர்களுக்கு அட்டை முறை நல்லது.

பகிரும்போது கடவுச்சொல் திரையில் தெரிவதில்லை என்பதால் அது மறைவாகவே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அது பெறுபவரின் போனில் சேமிக்கப்படுகிறது. ஐஓஎஸ் 16 முதல், Wi-Fi பட்டியலில் இணைப்பின் பெயருக்கு அருகிலுள்ள தகவல் குறியைத் தொட்டு, முகத்தையோ விரல்ரேகையையோ காட்டி அவர் அதைப் படித்துவிடலாம்; தமக்குத் தெரிந்த வேறொருவருக்கு இதே முறையில் தரவும் செய்யலாம். ஒருமுறை கொடுத்ததை அவரிடமிருந்து மட்டும் திரும்பப் பெற இவ்வசதியில் வழியில்லை. ரூட்டரில் கடவுச்சொல்லையே மாற்றினால்தான் உண்டு, அப்போது வீட்டிலுள்ள தொலைக்காட்சி முதல் கேமரா வரை எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். அதனால் எங்கள் ரூட்டரில் விருந்தினருக்கென்று தனி இணைப்பு ஒன்றை அமைத்து, குடும்பத்தினர் அல்லாதவர்களுக்கு அதன் கடவுச்சொல்லை மட்டும் பகிர்கிறோம். அவ்வாறு பகிர்வதற்கு முன் என் போனையும் அந்த விருந்தினர் இணைப்புக்கு மாற்றிக்கொள்கிறேன்.