படம் பத்திரம், வருடம் போயிற்று: நாஸ் பெட்டியோடு சில ஆண்டுகள்

நண்பர் ஒருவர் கேட்டார்: "வீட்டுப் படங்களையெல்லாம் போட்டு வைக்க நாஸ் பெட்டி வாங்கலாமா? நீங்கள்தான் ரொம்ப நாளாக வைத்திருக்கிறீர்களே." வீட்டு நெட்வொர்க்கில் இணைத்துக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டிதான் நாஸ். என்னிடம் இருப்பது இரண்டு டிஸ்க் போடுவது. ஒன்றில் இருப்பது அப்படியே இன்னொன்றிலும் இருக்கும் ரெய்ட் 1 அமைப்பு. தாத்தா பாட்டி காலத்து ஆல்பங்களை ஸ்கேன் செய்தவை, பிறகு வந்த டிஜிட்டல் கேமராப் படங்கள், இப்போதைய போன் படங்கள் எல்லாம் அதில்தான். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறை வேறு பெட்டிகளிலும் இருக்கலாம் என்பதால், பெயரைவிட அதைச் சோதிக்கும் வழி உங்களுக்கு உதவும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை டிஸ்க் ஒன்று படுத்துவிட்டது. மோசமான செக்டர்களின் எண்ணிக்கை ஏறுகிறது என்று பெட்டி முன்கூட்டியே மின்னஞ்சலில் எச்சரித்தது. புது டிஸ்க்கைச் செருகினேன், 4 டிபி முழுவதையும் ஒரே இரவில் மறுபடி எழுதி முடித்தது. அந்த நேரத்திலும் வீட்டில் இருந்தவர்கள் படங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு படம்கூடப் போகவில்லை. இந்த வேலைக்காகத்தான் வாங்கினேன், அதைக் குறையில்லாமல் செய்தது.

அப்புறம் சமீபத்தில் பெட்டியே செத்தது. டிஸ்க் இரண்டும் நன்றாக இருந்தன, உள்ளே இருக்கும் போர்டு போய்விட்டது. அதே கம்பெனியின் அடுத்த மாடலை வாங்கி, பழைய டிஸ்க்குகளை அதில் மாற்றினேன். ஃபோல்டர்கள், கோப்புகள் எல்லாம் சரியாக வந்தன. படம் பார்க்கும் ஆப் மட்டும் "மறுபடி அட்டவணைப்படுத்துகிறேன்" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் ஓடியது. முடிந்ததும் திறந்தால், 1962-ல் நடந்த குடும்பக் கல்யாணமும் 1974-ன் பள்ளிப் படமும் நான் ஸ்கேன் செய்த அந்த ஒரே வாரத்தில் வரிசையாக நிற்கின்றன.

ஸ்கேன் செய்த படத்துக்குத் தன் வருடம் தெரியாது. ஸ்கேனருக்குத் தெரிந்தது அது ஓடிய நாள் மட்டும்தான். அதனால் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் வருடம் கேட்டு ஆப்பில் பதிந்திருந்தோம். "இதில் பெரியவனுக்கு முன்பல் விழுந்திருக்கிறது பார், அப்போது ஒன்றாம் வகுப்பு. 1974-தான்" என்று அவர் கணக்குப் போடுவார். சில படங்களின் பின்பக்கத்தில் மையால் எழுதிய தேதி இருந்தது. பலவற்றில் ஒன்றுமே இல்லை, அவர் நினைவு மட்டும்தான். வேறு எங்கிருந்தும் அந்த விவரத்தை எடுக்க முடியாது. அதைத்தான் இந்த ஆப் தொலைத்தது.

காரணம் இதுதான். ஒரு ஜேபெக் கோப்புக்குள்ளேயே தேதி எழுத இடம் இருக்கிறது. எக்ஸிஃப் என்ற பகுதியில் `DateTimeOriginal` என்று ஒரு புலம், படம் எடுத்த நேரத்துக்காகவே வைத்தது. நான் தேதியை மாற்றியபோது ஆப் அந்தப் புலத்தைத் தொடவே இல்லை. தன் சொந்த டேட்டாபேஸில் மட்டும் குறித்துக்கொண்டது. பெட்டி மாறியதும் டேட்டாபேஸ் புதிதாக உருவாயிற்று. கோப்புக்குள் தேதி இல்லாததால், கோப்பைக் கடைசியாகச் சேமித்த நாளை எடுத்துக்கொண்டது. அசல் கோப்பைத் தொடக்கூடாது என்று நினைத்து அப்படி வடிவமைத்திருக்கலாம், அது நியாயமான எண்ணம்தான். ஆனால் தேதி மாற்றும் திரையில் "இது கோப்பில் எழுதப்படாது" என்று ஒரு வரி போட்டிருக்க வேண்டாமா? இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை.

வாங்கப்போகிறவர்கள், அல்லது ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், இதை இன்றே சோதியுங்கள். ஒரு ஸ்கேன் படத்தின் தேதியை ஆப்பில் மாற்றுங்கள். பிறகு ஆப் வழியாக இல்லாமல், பகிர்ந்த ஃபோல்டரிலிருந்து நேராக அந்தக் கோப்பைக் கணினிக்கு நகலெடுத்து, எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரலால் பாருங்கள்:

```
exiftool -a -G1 -s -time:all photo.jpg
```

`DateTimeOriginal` வரியில் நீங்கள் போட்ட வருடம் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் உங்கள் உழைப்பெல்லாம் டேட்டாபேஸில் மட்டும்தான் இருக்கிறது. மேகச் சேமிப்பையும் இப்படிச் சோதிக்க வேண்டும். சில சேவைகள் படங்களை மொத்தமாகத் திருப்பித் தரும்போது, மாற்றிய தேதியைப் படத்துக்குள் எழுதாமல் பக்கத்தில் தனி ஜேசான் கோப்பாகப் போட்டுத் தருகின்றன.

எங்களைக் காப்பாற்றியது ஃபோல்டர் பெயர்கள். ஆல்பங்களைப் பெரும்பாலும் ஆண்டு வாரியாகத்தான் பிரித்து ஸ்கேன் செய்திருந்தோம். அதனால் கல்யாண ஃபோல்டருக்கு ஒரே கட்டளை போதுமாக இருந்தது:

```
exiftool -P "-DateTimeOriginal=1962:05:20 12:00:00" 1962-05
```

நேரத்தை நண்பகலாகப் போட்டதற்குக் காரணம் உண்டு. எக்ஸிஃப் தேதியோடு நேர மண்டலம் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை, பழைய கோப்புகளில் இருக்காது. நள்ளிரவு என்று போட்டால், நேர மண்டலத்தைத் தவறாக எடுத்துக்கொள்ளும் ஆப் சில மணி நேரத்தை முன்னே பின்னே தள்ளி, ஜனவரி 1-ஐ முந்தைய ஆண்டின் டிசம்பர் 31 ஆக்கிவிடலாம். வருடம் மட்டும் தெரிந்த படங்களுக்கு ஜூலை 1 என்று போட்டு, விளக்கப் புலத்தில் "ஆண்டு மட்டும் உறுதி" என்று எழுதினோம். ஸ்கேன் செய்த நாளுக்கு `CreateDate` என்ற வேறு புலம் இருப்பதால் அதைத் தொடவில்லை. எக்ஸிஃப்டூல் மாற்றத்துக்கு முந்தைய கோப்பை `_original` என்று பெயர் சேர்த்துப் பக்கத்திலேயே வைக்கும். சரிபார்த்து முடிக்கும்வரை அவற்றை அழிக்காதீர்கள்.

"கோப்பின் தேதியையே 1962 ஆக்கிவிட்டால் போதாதா?" என்று தம்பி கேட்டான். போதாது. வெளி ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றில் இருக்கும் எக்ஸ்ஃபேட் அமைப்பில் கோப்புத் தேதி 1980-லிருந்துதான் தொடங்கும். அதற்கு முந்தைய எந்த ஆண்டையும் அதில் பதிய முடியாது. எக்ஸிஃப் தேதி வெறும் எழுத்தாகக் கோப்புக்குள் இருப்பதால், எந்த டிஸ்க்குக்குப் போனாலும் கூடவே போகும்.

எல்லா ஃபோல்டர்களுக்கும் தேதி திரும்பக் கிடைக்கவில்லை. "பல வருடங்கள்" என்று பெயர் வைத்திருந்த ஃபோல்டருக்காக அம்மாவை மறுபடி உட்காரவைத்திருக்கிறோம். முதல்முறை சட்டென்று சொன்ன சில படங்களுக்கு இந்த முறை யோசிக்கிறார். எது இன்னும் மிச்சம் என்று பார்க்க இந்தக் கட்டளை:

```
exiftool -r -if 'not $DateTimeOriginal' -p '$Directory/$FileName' .
```

விண்டோஸில் ஒற்றை மேற்கோளுக்குப் பதில் இரட்டை மேற்கோள் போடவேண்டும். பட்டியல் நாளுக்கு நாள் குறைகிறது.

சரி, நண்பர் கேட்டதற்கு வருகிறேன். டிஸ்க் போனபோதும் பெட்டி போனபோதும் ஒரு படம்கூட இழக்கவில்லை. இரைச்சல் இல்லை, வேகம் நன்று, நாளும் பின்னணியில் தானாக ஓடுகிறது. நானும் இதையே தொடர்ந்து வைத்துக்கொள்வேன். ஆனாலும் இந்தக் கம்பெனிப் பெட்டியை உங்களுக்குச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. வேறு எதையாவது பாருங்கள். எதை வாங்கினாலும் மேலே சொன்ன சோதனையை, பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.