தாய்மாமன் வேட்டியும் 799 ரூபாய் மாச பிளானும்

ஆறு வாரம் திருச்சியில் இருந்துவிட்டு நியூஜெர்சி திரும்பிய பிறகும் மனதில் நிற்பது ஒரே ஒரு வேட்டிதான். ஆதார் திருத்தம், பேங்க் வேலை, பல் டாக்டர் எல்லாம் நம்ப முடியாத வேகத்தில் முடிந்தன. அதையெல்லாம் எழுதப் போவதில்லை. வேட்டிக்கு வருகிறேன்.

அக்கா மகளுக்கு ஆனியில் கல்யாணம். நான் தாய்மாமன். ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று ஊரே அந்த ஒரே புதன்கிழமையில் முகூர்த்தம் வைத்திருந்தது. சபையில் கட்டுவதற்காக வாங்கிய எட்டு முழப் பருத்தி வேட்டியை ஒருமுறை நனைத்துக் கஞ்சி போட்டு, திங்கள் காலை தேய்க்கக் கொடுத்தோம். "செவ்வாய் சாயங்காலம் வீட்டுக்கே வந்துரும்ணா" என்றான் தம்பி. தம்பி என்றால் சித்தி மகன். வேலையை விட்டுவிட்டு, எங்கள் தெருமுனையிலேயே சின்னதாக ஒரு லாண்டரியும் இஸ்திரிக் கடையும் போட்டு எட்டு மாதம் ஆகிறது.

செவ்வாய் இரவு ஒன்பதரை. வேட்டி வரவில்லை, போனும் எடுக்கவில்லை. நடந்தே போனேன். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. சுவர் ஓரம் இடுப்பு உயரத்துக்கு மூட்டைகள். தேய்க்கிற அக்கா பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஒன்றைப் பலகையில் விரித்து வைத்திருந்தார். பக்கத்து மேசையில் பெரியவர் ஒருவர் பேண்டுக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். என் வேட்டி எங்கே என்றேன். தம்பி மூன்றாவது மூட்டையின் அடியில் கையை விட்டு உருவினான். கஞ்சியில் விறைத்து, அப்பளம் போல, கொடுத்த மேனிக்கே இருந்தது.

நியூஜெர்சியில், எடிசனில் நான் துணி போடுகிற கடையில் சொன்ன நேரம் தவறினால் அந்த முறை காசே வாங்க மாட்டார்கள் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். அக்கா தலை நிமிராமல் கேட்டார்: "அண்ணே, எட்டு முழ வேட்டிக்கும் அஞ்சு ரூபா, ரெண்டாங்கிளாஸ் பையன் டவுசருக்கும் அஞ்சு ரூபா. நீங்களா இருந்தா எதை முதல்ல எடுப்பீங்க?"

இந்த ஒரு கேள்விதான் இந்தப் பதிவுக்கே காரணம்.

அவருக்குக் கூலி உருப்படிக்கு 5 ரூபாய். சட்டை மூன்று நிமிஷம், சின்னப் பையன் டவுசர் ஒரு நிமிஷம். கஞ்சி போட்ட எட்டு முழத்துக்குத் தண்ணீர் தெளித்து, சுருட்டி வைத்து, ஈரம் பரவியதும் கரை கோணாமல் இழுத்துத் தேய்க்கப் பத்து நிமிஷம் ஆகிறது. காட்டன் புடவையும் அப்படித்தான். அதனால் வேட்டி, புடவை எல்லாம் யாரும் சொல்லாமலே மூட்டையின் அடிக்குப் போய்விடுகின்றன. யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை. ரேட் போட்ட விதம் அப்படி.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது திங்கள்தோறும் மூட்டை போகும், வியாழன் வரும். அம்மா நோட்டில் எழுதி எண்ணி வாங்குவாள். ஒவ்வொரு துணி மூலையிலும் சேங்கொட்டை மையில் வைத்த குறி. எத்தனை சலவைக்கும் அழியாது. அதை நினைத்து உருகத்தான் தோன்றுகிறது. ஆனால் தாத்தா ஊரில் சலவைக்காரருக்கு அறுப்பு முடிந்து களத்தில் அளக்கிற நெல்தான் கூலி, வருஷம் முழுக்க எத்தனை துணி போட்டாலும். இன்றைய அன்லிமிடெட் பிளானுக்கு அதுதான் முன்னோடி, எண்ணிக் கேட்க அவருக்கு வாயும் கிடையாது. உருகுவதை அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கல்யாணத்துக்குப் பெரியப்பாவின் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். அதன் பிறகு இரண்டு சாயங்காலம் தம்பியோடு கடையில் உட்கார்ந்து உருப்படி நோட்டைப் புரட்டினேன். முதல் ஐந்து மாதம் வெறும் பீஸ் ரேட்தான். சட்டை, பேண்ட், சுடிதார், வேட்டி எதுவானாலும் 10 ரூபாய். ஒரு வீடு மாசத்துக்குச் சராசரியாக 80 உருப்படி கொடுத்தது. அதாவது 800 ரூபாய். அதைப் பார்த்துத்தான் தம்பி, "மாசம் 799, எவ்வளவு வேணா தேய்ச்சுக்கோங்க" என்று அட்டை எழுதி மாட்டினான். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று எனக்கும் முதலில் பட்டது.

சராசரி 80 என்றால் 40 கொடுக்கிற வீடும் உண்டு, 120 கொடுக்கிற வீடும் உண்டு. 40 கொடுப்பவர் 799 கட்டுவாரா? பிளானில் சேர்ந்த 22 வீடும் துணி அதிகமுள்ள வீடுகள். சேர்ந்த பிறகு இன்னும் அதிகம் போட்டன. அதுவரை மடித்து மட்டும் வைத்த பனியன், நைட்டி, தலையணை உறை, ஜன்னல் திரை எல்லாம் கிளம்பிவிட்டன. வீட்டுக்குச் சராசரி 150 ஆனது.

தம்பிக்கு ஒரு உருப்படிக்கு அடக்கம் என்ன? கரண்ட்தான் பெரிய செலவு என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. ஆயிரம் வாட் பெட்டி பத்து மணி நேரம் மேசையில் இருந்தாலும், சூடு ஏறியதும் தானே அணைந்து அணைந்து எரிவதால் பாதி நேரம்தான் கரண்ட் இழுக்கும். கடை ரேட்டிலேயே போட்டாலும் உருப்படிக்கு அரை ரூபாய் தாண்டவில்லை. கூலி 5 ரூபாய். ஒருவர் ஒரு நாளைக்குத் தேய்ப்பது 130, இரண்டு பேர் 260. அந்தக் கணக்கில் வாடகை 90 பைசா, எடுத்து வந்து கொண்டுபோய்க் கொடுக்கிற பையனுக்கும் பெட்ரோலுக்கும் ஒரு ரூபாய், பேப்பர், கவர், ஊக்கு எல்லாம் 35 பைசா. மொத்தம் 7.75.

பீஸ் ரேட்டில் ஒரு சட்டைக்கு 2.25 மிச்சம். பிளானில் 799 ரூபாயை 150 ஆல் வகுத்தால் உருப்படிக்கு 5.33 தான் வருகிறது. அக்காவின் கூலி போக 33 பைசா. வீட்டுக்கு 363 ரூபாய் கையை விட்டுப் போகிறது, 22 வீட்டுக்கு மாசம் எட்டாயிரம். பீஸ் ரேட் வாடிக்கையிடம் சம்பாதிப்பதும் ஏறக்குறைய அதே எட்டாயிரம்தான். மூன்று மாதமாகக் கடை நிரம்பி வழிகிறது, கையில் காசில்லை என்று தம்பி புலம்பியதற்கு அர்த்தம் அந்த நோட்டிலேயே இருந்தது. மூட்டை பெருகப் பெருக வியாபாரம் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, நோட்டில் அதிக உருப்படி எங்கள் வீட்டுக்கணக்கில்தான். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், நாலு பெட்டித் துணி. "பிளான்லதான் இருக்கு, போடு" என்று அம்மா ஜீன்ஸைக்கூட விடவில்லை. அந்த மாசம் மட்டும் 212 உருப்படி. என் வேட்டியை அமுக்கிக்கொண்டிருந்த மூட்டையில் பாதி என்னுடைய டி-ஷர்ட்.

இன்னொன்று, கிழமை. பிளான் வீடுகள் எல்லாம் ஞாயிறு இரவே கட்டிக் கொடுத்துவிடுகின்றன. திங்கள் காலை பிரித்தால் 500 உருப்படிக்கு மேல். 260 தேய்க்கிற கைகளுக்கு அது இரண்டு நாள் வேலை. பள்ளிக்கூடம் திறந்த மாசம் என்பதால் யூனிஃபார்ம் வேறு. வெள்ளி, சனி பார்த்தால் மத்தியானத்துக்கு மேல் பெட்டி சும்மா கிடக்கிறது. உருப்படிக் கூலிக்காரருக்குச் சும்மா கிடக்கிற நேரத்துக்குச் சம்பளம் இல்லை.

அமெரிக்க மூளையோடு நான் சொன்ன யோசனை, எடை. எடிசன் கடையில் மூட்டையைத் தராசில் வைத்து பவுண்டுக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுவார்கள், எண்ணுவதே இல்லை. அக்கா சிரித்துவிட்டார். ஜீன்ஸ் கனம், இரண்டு இழுப்பில் முடிந்துவிடும். காட்டன் புடவை இலேசு, கை கழன்றுவிடும். யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி. துவைக்க மெஷின் கொள்ளளவுதான் கணக்கு, அதற்கு எடை பொருந்தும். தேய்ப்பதில் விற்பது கையின் நேரம், அதைத் தராசு காட்டாது. துவைப்பதற்கு மட்டும் கிலோ ரேட் வைத்துக்கொண்டான்.

ஜூலை முதல் தேதி பழைய அட்டையைக் கழற்றினான். புதியதில் மாசம் 60 உருப்படி, 570 ரூபாய், ஒன்றாம் தேதியே முன்பணம். அதற்கு மேல் போனால் உருப்படிக்கு 10. எட்டு முழ வேட்டியும் காட்டன் புடவையும் இரண்டு உருப்படி, பெட்ஷீட் மூன்று. அக்காவின் கூலியும் அதே கணக்கில்தான், வேட்டிக்கு இனி 10 ரூபாய். பிளான் வீடுகளுக்கு புதன், வெள்ளி மட்டும்தான் மூட்டை எடுப்பது. ஞாயிறு இரவுதான் கொடுப்பேன் என்றால் பீஸ் ரேட்.

உருப்படிக்கு அரை ரூபாய் குறைப்பதே எதற்கு என்று கேட்டேன். ஐந்தாம் தேதி வாடகை கொடுக்க ஒன்றாம் தேதி கையில் பணம் வேண்டும், வாரக் கடைசியில் பெட்டி சும்மா இருக்கக் கூடாது, இந்த இரண்டுக்கும்தான் அந்தத் தள்ளுபடி என்றான். அரை ரூபாய்க்கு மேல் அவை பெறாது என்பதும் அவன் கணக்கு. 60ஐயும் கொடுத்தாலும் வீட்டுக்கு 105 ரூபாய் நிற்கும், குறைவாகக் கொடுத்தால் இன்னும் கூடும்.

பழைய 22 வீட்டில் 9 புதுப் பிளானுக்கு வந்தன. நாலு வீடு கோபித்துக்கொண்டு போயிற்று, நாலும் 180க்கு மேல் போட்ட வீடுகள். மற்றவை பீஸ் ரேட்டுக்குத் திரும்பின. அடுத்த திங்கள் கடைக்குப் போனபோது சுவர் ஓரத்தில் தரை தெரிந்தது. மேசையில் முதலில் விரித்திருந்தது யாருடையதோ ஒரு வேட்டி. எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள், ஜூலை 30. அம்மா பீரோவைத் திறந்து, தேய்த்து அடுக்கியிருந்த அப்பாவின் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன்.

"இன்னும் ஏழு உருப்படி பாக்கி இருக்குடா. நாளையோட மாசம் முடியுது."