18 மாதம் இரண்டு போனையும் பயன்படுத்திய பிறகு: விலை குறைந்ததே போதும், ஆனால் வேரியன்ட் பார்த்து வாங்குங்கள்

கடையில் தினமும் யாராவது கேட்டுவிடுவார்கள். "விலை இரண்டு மடங்கு இருக்கே, அப்படி என்னங்க வித்தியாசம்?" வாங்கும் அன்று ஐந்து நிமிடம் கையில் வைத்துப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் எங்களிடம் அதிகம் விற்கும் இரண்டு போன்களை நானே எடுத்து, ஒன்றில் கடை சிம், இன்னொன்றில் வீட்டு சிம் போட்டு, மாதம் ஒருமுறை சிம்மை மாற்றி மாற்றி 18 மாதம் ஓட்டினேன். எந்தக் கம்பெனி என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஒரே பெயரில் வரும் போனுக்குள்ளேயே வேறு வேறு பாகங்கள் இருக்கின்றன, பெயரைப் பார்த்து வாங்கித்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விலை கூடிய போனை விற்றால்தான் எங்களுக்கு லாபம் அதிகம்.

விலை குறைந்தது: தட்டையான எல்சிடி திரை, 8 ஜிபி ராம், 128 ஜிபி சேமிப்பு, 5000 எம்ஏஎச் பேட்டரி, 33 வாட் சார்ஜர். விலை கூடியது: ஓரம் வளைந்த ஓஎல்இடி திரை, அதே 8 ஜிபி ராம், 256 ஜிபி, அதே 5000 எம்ஏஎச், 80 வாட் சார்ஜர், கேமராவில் ஓஐஎஸ், அதாவது கை நடுக்கத்தை லென்ஸே ஈடுகட்டும் வசதி.

முதல் மூன்று மாதம் விலை கூடியதுதான் பிடித்திருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. திரையில் கறுப்பு கறுப்பாகவே தெரியும், வெயிலில் நன்றாகப் படிக்க முடியும், குளிக்கப் போகும்போது சார்ஜில் போட்டால் சாப்பிட்டு முடிப்பதற்குள் நிரம்பியிருக்கும். அப்புறம் அது பழகிவிட்டது. இரவு தூங்குவதற்கு முன் சார்ஜ் போடும் பழக்கம் இருந்தால் 33 வாட்டுக்கும் 80 வாட்டுக்கும் வித்தியாசமே தெரியாது. பேட்டரி அளவு ஒன்றே என்பதால் இரண்டும் ஒரு நாள் முழுக்கத் தாங்கின, 18 மாதம் கழித்தும் இரண்டும் ராத்திரி வரை வருகின்றன.

கணக்கு மாறியது ஒன்பதாவது மாதத்தில். விலை கூடிய போன் மேசை உயரத்திலிருந்து ஓரமாக விழுந்தது. வளைந்த திரைக்குச் சாதாரண டெம்பர் கிளாஸ் ஓரத்தில் ஒட்டாது, பசை ஊற்றி யூவி விளக்கில் காய வைக்கும் கிளாஸ்தான் போட வேண்டும். போட்டிருந்தேன். இருந்தும் ஓரத்தில் அடி பட்டதும் கீழே பச்சைக் கோடு வந்து, இரண்டு நாளில் பாதித் திரை போய்விட்டது. திரையும் டச்சும் சேர்ந்த ஒரிஜினல் காம்போ மாற்ற ஆன செலவு அந்தப் போன் விலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. நானே கடை வைத்திருந்தும் இதுதான் நிலைமை. விலை குறைந்த போனும் மூன்று முறை விழுந்தது, இரண்டு முறை டெம்பர் கிளாஸ் மட்டும் உடைந்தது, மூன்றாவது முறை திரையும் போனது. அதற்கான தட்டை எல்சிடி காம்போ, மற்றதற்கு ஆனதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. யூவி கிளாஸ் பற்றி இன்னொரு விஷயம்: பசை வழிந்து காது ஸ்பீக்கர் வலைக்குள் போய், பேசுபவர் குரல் கம்மலாகக் கேட்கிறது என்று சர்வீஸுக்கு வரும் போன்களை நிறையப் பார்க்கிறோம்.

வேகம்? கேம் விளையாடாத என்னைப் போன்ற ஆளுக்கு இரண்டும் ஒன்றுதான். வங்கி ஆப், வாட்ஸ்அப், மேப், வீடியோ கால், எதிலும் தடுமாறவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு விலை குறைந்த அந்தப் போனிலேயே ஆகக் குறைந்த வேரியன்ட்டை வாங்கிவிடாதீர்கள். எங்கள் சர்வீஸ் பார்க்கும் தம்பி அதே போனின் 4 ஜிபி, 64 ஜிபி வேரியன்ட்டை வைத்திருந்தார். ஒரு வருடம் ஆனதும், கால் வந்தால் ரிங் கேட்கும், ஆனால் பெயர் திரையில் வர மூன்று நான்கு நொடி ஆகும். பெட்டிக்கு வெளியே பெயர் ஒன்று, நிறம் ஒன்று, ஆனால் 128 ஜிபி வேரியன்ட்டில் இருப்பது யூஎஃப்எஸ் 2.2 சேமிப்பு, 64 ஜிபி வேரியன்ட்டில் இருப்பது இஎம்எம்சி 5.1. இஎம்எம்சியில் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் முடியாது, ஒன்று முடிந்தால்தான் மற்றது. பின்னணியில் நாலு ஆப் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும்போது கேமராவைத் திறந்தால் காத்திருக்க வேண்டியதுதான். யூஎஃப்எஸ்ஸில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். போதாக்குறைக்கு 64 ஜிபியில் சிஸ்டமே ஒரு பெரிய பங்கைப் பிடித்துக்கொள்கிறது, மிச்சம் வாட்ஸ்அப் படங்களில் நிரம்பிவிடும், நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் இன்னும் குறையும்.

"4 + 4 = 8 ஜிபி ராம்" என்று ஒட்டியிருப்பதை நம்பியும் வாங்காதீர்கள். அந்தக் கூடுதல் 4 ஜிபி உண்மையான ராம் இல்லை, சேமிப்பில் ஒரு பகுதியை ராம் போலப் பயன்படுத்துவது. சேமிப்பே மெதுவாக இருக்கும் போனில் அது சுமையைத்தான் கூட்டும். தம்பி போனில் அதை அணைத்த பிறகு நிலைமை கொஞ்சம் தேறியது.

கடையில் நின்றபடியே இதைச் சோதிக்கலாம். டெமோ போனில் ஒரு பெரிய வீடியோவை வேறு ஃபோல்டருக்கு காப்பி போட்டுவிட்டு, அது ஓடும்போதே கேலரியைத் திறந்து வேகமாகத் தள்ளிப் பாருங்கள். படங்கள் சாம்பல் கட்டமாக நின்று நின்று வந்தால் சந்தேகப்படுங்கள்.

கேமராவில் விலை கூடியது ஜெயிக்கிறது, ஆனால் எல்லோரும் நினைக்கும் இடத்தில் இல்லை. பகல் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எது எந்தப் போனில் எடுத்தது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை. இரவில் அசையாத காட்சிக்கும், நடந்துகொண்டே எடுக்கும் வீடியோவுக்கும் ஓஐஎஸ் நன்றாகவே உதவுகிறது. ஓடும் குழந்தை மங்கலாக வருவதை அது தடுக்காது, ஏனென்றால் அசைவது நம் கை இல்லை, குழந்தை. அதற்கு வெளிச்சம்தான் வேண்டும்.

விலை குறைந்த போனின் உண்மையான குறை அப்டேட். அதற்குப் பாதுகாப்பு அப்டேட் மூன்று வருடம் என்று சொல்லியிருக்கிறார்கள், மற்றதற்கு நான்கு. ஒரே போனை மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருப்பவர் என்றால் இதை யோசிக்கத்தான் வேண்டும். நடந்துகொண்டே வீடியோ எடுத்துப் போடுவது உங்கள் வேலை என்றாலும் விலை கூடியதையே வாங்குங்கள், நானே எடுத்துத் தருவேன். மற்றவர்களுக்கு என் பதில் விலை குறைந்த போன்தான், 8 ஜிபி, 128 ஜிபி வேரியன்ட். மிச்சமாகும் பணத்தில் கொஞ்சம் எடுத்து, மூன்றாவது வருடம் பேட்டரி மாற்ற ஒதுக்கி வையுங்கள்.

நான் ஓட்டிய இரண்டு போனும், கீறலோடு அப்படியே, கவுன்டரில் இருக்கின்றன. வரும்போது உங்கள் சிம்மைப் போட்டு, அந்த காப்பி சோதனையை நீங்களே செய்து பாருங்கள்.